ஜூன் – வெள்ளி 20

என் வீட்டுக்காரர் புவனேஸ்வரன் வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்ட். பினாங்குத் தீவில் யார் யாருக்கோ வீடு பார்த்துக் கொடுத்திருக்கிறார். எங்களுக்கென்று ஒன்று வாங்கவில்லை. டத்தோ கிராமாட்டில் பதினேழு வருடமாக ஒரே வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். கேட்டால், "மருத்துவச்சிக்கு எத்தனை பிள்ளைன்னு யாராவது கேப்பாங்களா?" என்பார். வாயில் மட்டும் குறைவில்லை.

நாற்பத்தொரு வயது வரைக்கும் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். அது மூடப்பட்ட பிறகுதான் இந்த வேலைக்கு வந்தார். ஸ்டோரில் ஆணிக்கும் திருகுக்கும் கணக்கு எழுதிப் பழகிய கை. அந்தப் புத்தி வாடகை விஷயத்திலும் வந்துவிட்டது. மாதத்தின் நடுவில் யாராவது குடிவந்தால், எத்தனை நாள் இருக்கிறார்களோ அத்தனை நாளுக்குத்தான் வாடகை என்பார். மாத வாடகையை அந்த மாதத்தின் நாள்களால் வகுக்க வேண்டும். முப்பது நாள் மாதம் என்றால் முப்பது, முப்பத்தொன்று என்றால் முப்பத்தொன்று. பிறகு சாவி வாங்கும் நாளையும் சேர்த்து மாதக் கடைசி வரை எண்ணிப் பெருக்க வேண்டும். சாவி வாங்கும் நாளை விட்டுவிட்டு எண்ணுகிற குடித்தனக்காரர்களோடும், பத்தாம் தேதிக்கு வந்தாலும் முழு மாத வாடகை கேட்கிற வீட்டுக்காரர்களோடும் அவர் சண்டை போட்டதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். "இருக்கிற நாளுக்குத்தான்லா வாடகை. இல்லாத நாளுக்கு எதுக்கு?" இது அவர் தினமும் சொல்லும் தேவாரம்.

இவ்வளவு கணக்குப் பார்க்கிறவர் எழுதுவது எதில் தெரியுமா? கிழித்துப் போட்ட நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில். சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியில் தினம் ஒரு தாள் கிழித்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். அது இன்னும் புதிதாகவே இருக்கிறது. இந்தத் தாளால் ஒரு நாள் மாட்டிக்கொள்வீர்கள் என்று எத்தனையோ தடவை சொன்னேன். போன வருடம் ஜூன் மாதத்தில் மாட்டிக்கொண்டார்.

கெலுகோரில் கமாலுதீன் பாய்க்கு ஒரு பிளாட் இருக்கிறது. ஐந்து மாடிக் கட்டடம், மின்தூக்கி கிடையாது, ஆனால் பாயின் வீடு கீழ்மாடியில். வாடகை அறுநூறு வெள்ளி. இங்கே ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம். முன்பு ஜார்ஜ் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர், இப்போது அந்த வாடகையும் பிள்ளைகள் தருவதும்தான் வருமானம். கெட்டவர் இல்லை. ஆனால் காசு விஷயத்தில் தகப்பனானாலும் பில் போடுவார்.

அந்த வீட்டைப் பார்க்க வந்தவள் காமினி. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை. முப்பத்து நாலு வயது, கல்யாணம் ஆகவில்லை. அம்மா நல்லம்மாளோடு அண்ணன் வீட்டில் மூன்றாம் மாடியில் இருந்தாள். அந்த அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டுக்குக் கூட்டிப்போகலாம், ஆனால் படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று மாடிக்குத் தூக்கிக்கொண்டு போக யாரால் முடியும்? அண்ணனும் அண்ணியும் முதியோர் இல்லத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்கள். காமினிக்கு அந்தக் கீழ்மாடி வீடு கிடைத்தால் அம்மா அவளோடு இருப்பார். கிடைக்காவிட்டால் இல்லத்துக்குப் போவார். விஷயம் அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை, பத்தாம் தேதி, வீட்டைப் பார்த்தாள். பிடித்துவிட்டது.

"அண்ணே, வர்ற திங்கக்கிழமை, பதினாறாந் தேதி சாவி கிடைக்குமா?" என்று கேட்டாள்.

"பாய்கிட்ட கேட்டுட்டு எழுதித் தரேம்மா" என்றார் இவர்.

மறுநாள் பாயைப் பார்க்கப் போனார். பாயின் பழைய வழக்கம் வேறு. பதினைந்தாம் தேதிக்குள் வந்தால் முழு மாதம், அதற்குப் பிறகு வந்தால் அரை மாதம். இவர் வழக்கம்போல் தேவாரம் பாடினார். ஜூனுக்கு முப்பது நாள். அறுநூறை முப்பதால் வகுத்தால் நாளுக்கு இருபது. பதினாறிலிருந்து முப்பது வரை, இரண்டு நாளையும் சேர்த்துப் பதினைந்து நாள், முன்னூறு வெள்ளி. பாய் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அவருடைய அரை மாதக் கணக்கிலும் அதே முன்னூறுதான். "ரெண்டும் ஒண்ணாத்தானே வருது, அப்புறம் எதுக்குத் தொண்டையைக் கிழிச்சிக்கிறே? பதினாறுக்கே வரச் சொல்லு" என்றார்.

வியாழக்கிழமை காலையில் தொழிற்சாலை பஸ் வருவதற்கு முன்னால் காமினியைப் பார்த்தார். அவள் அறுநூறு வெள்ளி முன்பணம் கொடுத்தாள், இவர் ரசீது கொடுத்தார். கூடவே ஒரு நாள்காட்டித் தாள். "பாய் வீடு தர ஒத்துக்கிட்டாரு. எல்லாம் இதுல எழுதியிருக்கேம்மா" என்று சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. தாளில் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

டெபாசிட் 1200
தண்ணி, லைட் டெபாசிட் 300
ஜூலையிலிருந்து மாதம் 600
ஜூன் – வெள்ளி 20

கடைசி வரியைப் பாருங்கள். நாளுக்கு இருபது வெள்ளி என்று அர்த்தமாம். நாளுக்கு என்ற சொல் எங்கே என்று கேட்டேன். "அது தெரிஞ்சதுதானே" என்றார். மற்ற வரிகளில் வெள்ளி என்று போடாமல் இதில் மட்டும் எதற்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். வெறும் இருபது என்று எழுதினால் அவள் தேதி என்று நினைத்துக் குழம்பிவிடுவாளாம். தெளிவாக இருக்கட்டும் என்று சேர்த்தாராம். ரசீதில் ரிங்கிட் குறியை எண்ணுக்கு முன்னால் போட்டுப் போட்டுப் பழகிய கை, வெள்ளியையும் முன்னால் போட்டுவிட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிவது என்றால் இதுதான்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இவரும் பாயும் கெலுகோர் வீட்டு வாசலில் சாவியோடு நின்றார்கள். காமினி வரவில்லை. பதினொன்றாகியும் வரவில்லை. போன் அடித்தார், எடுக்கவில்லை. அந்தத் தொழிற்சாலையில் வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். பாய்க்கு வியர்வை வழிய வழியக் கோபமும் ஏறியது. அதற்குள் பாய்க்கு ஒரு போன் வந்தது. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற ஒருவர், மனைவியோடு தங்க வீடு தேடுகிறவர், இன்றே வந்துவிடுவதாகவும் ஜூனுக்கு முழு வாடகையும் தருவதாகவும் சொன்னார்.

"பாத்தியா புவனேசு? முழு அறுநூறு. நான் உன் பேச்சைக் கேட்டு நாளை எண்ணிக்கிட்டு நிக்கிறேன்."

"மத்தியானம் வரைக்கும் பொறுங்க பாய். முன்பணம் குடுத்த பொண்ணு."

ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரத்தில் காமினி கூப்பிட்டாள்.

"என்னண்ணே, இத்தனை தடவை அடிச்சிருக்கீங்க?"

"எங்கம்மா இருக்கே? சாவி வாங்க வரலையா?"

"வெள்ளிக்கிழமைதானேண்ணே? திங்கக்கிழமை முடியாது போலன்னு நினைச்சேன், வெள்ளி இருபதுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க. அன்னிக்குத்தான் லீவு போட்டிருக்கேன். ஆஸ்பத்திரியிலயும் அன்னிக்கே அம்மாவைக் கூட்டிட்டுப் போறதாச் சொல்லிட்டேன்."

இவர் தலையில் அடித்துக்கொண்டாராம்.

"அது காசும்மா. இருபது வெள்ளி. ஒரு நாள் சேவா, வாடகை."

"காலண்டர் தாள்ல வெள்ளின்னு போட்டுப் பக்கத்துல இருபதுன்னு எழுதினா, நான் வேற என்னண்ணே நினைப்பேன்?"

போன வருடம் ஜூன் இருபதாம் தேதி உண்மையிலேயே வெள்ளிக்கிழமை. அது மட்டும் சனியோ ஞாயிறோ ஆகியிருந்தால் அவள் அன்றைக்கே போன் பண்ணிக் கேட்டிருப்பாள். அதோடு அவள் வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறவள். நல்ல நாளாகப் பார்த்துத்தான் பாய் சாவி தருகிறார் என்று மனம் குளிர்ந்துபோய், அன்றைக்கே பால் காய்ச்சுவதாக முடிவும் பண்ணிவிட்டாள். வீடு காட்டும்போதே இவர் பாடிய தேவாரத்தின்படி கணக்கும் போட்டாள். இருபதிலிருந்து முப்பது வரை பதினொரு நாள், நாளுக்கு இருபது, இருநூற்று இருபது. டெபாசிட் ஆயிரத்து ஐந்நூறையும் சேர்த்து, கொடுத்த அறுநூறைக் கழித்தால் ஆயிரத்து நூற்று இருபது. அதை அப்படியே எடுத்து உறையில் போட்டு ஒட்டி வைத்திருந்தாள். அதற்கு மேல் அவளிடம் சம்பளம் வரும்வரை சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும்தான் இருந்தது.

காமினி போனில் அனுப்பிய தாளின் படத்தைப் பாயிடம் காட்டினார் இவர். பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"இருபது வெள்ளின்னு நல்லாத்தானே எழுதியிருக்கே. இதுல எங்கே வந்துச்சு ஜும்மா?"

பாய்க்கு அந்தக் கிழமை ஜும்மா. வெள்ளி என்றால் அவருக்குக் காசைத் தவிர வேறு ஞாபகம் வராது. அதனால் அந்தப் பெண் நாலு நாள் வாடகையை மிச்சம் பிடிக்கக் கதை கட்டுகிறாள் என்றுதான் நினைத்தார். தேதியைத் தள்ளினால் எண்பது வெள்ளி குறைகிறதே! அவர் பக்கமும் நியாயம் இருந்தது. பதினாறு என்று சொன்னதை நம்பித்தான் இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

"புவனேசு, நான் ஒண்ணுதான் சொல்லுவேன். பதினாறுல இருந்து வாடகை வந்தா வீடு அந்தப் புள்ளைக்கு. இல்லேன்னா அதோட முன்பணத்தைத் திருப்பிக் குடுத்துடு, நான் வேற ஆளைப் பாத்துக்கிறேன்."

இவர் சட்டைப் பையிலிருந்து எண்பது வெள்ளியை எடுத்துக் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொண்டார். காமினிக்குப் போன் பண்ணி, "வீடு உனக்குத்தான்மா. வெள்ளிக்கிழமையே வா. அதுவரைக்கும் சாவி என்கிட்ட இருக்கட்டும்" என்றார். எண்பதைப் பற்றி அவளிடம் மூச்சு விடவில்லை.

அந்த எண்பது வெள்ளி எது தெரியுமா? என் பல். கடைவாய்ப் பல்லில் ஓட்டை விழுந்து ஒரு வாரமாக வலி. செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் போய் அடைக்க எண்ணி வைத்த காசு. சாயங்காலம் வந்து விஷயத்தைச் சொன்னபோது எனக்கு வந்த கோபத்தில் பல்வலி மறந்துவிட்டது. ஊரில் இருக்கிற எல்லாருக்கும் நாள் கணக்குப் பார்த்து வாடகை குறைத்துக் கொடுக்கிற மனிதர், இல்லாத நாலு நாளுக்குத் தன் கைக்காசைக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார்.

"தப்பு என்னுது தனுஜா. நான் எழுதினது" என்றார்.

"பல்லு என்னுது" என்றேன் நான்.

செவ்வாய்க்கிழமை காலை ஆளைக் காணோம். துளை போடும் மெஷினையும் காணோம். எங்கே என்று போன் பண்ணினால் கெலுகோர் வீட்டில் இருக்கிறாராம். இன்னும் கொஞ்சம் திட்ட வேண்டியிருந்ததால் பஸ் ஏறிப் போனேன். குளியலறையில் முட்டி போட்டு உட்கார்ந்து, பென்சிலால் சுவரில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு எவர்சில்வர் கைப்பிடிகள்.

"அந்தம்மா விழுந்தது குளியலறையிலதானே. பிடிச்சிக்க ஒண்ணு வேணும்ல. நாலு நாளுக்குக் காசு குடுத்தாச்சு. வீடு சும்மாத்தானே கிடக்குது."

இந்த மனிதரை என்ன செய்வது? கழிப்பறை இருக்கையில் என்னை உட்காரச் சொன்னார். எழுந்திருக்கச் சொன்னார். என் கை எங்கே போகிறது என்று பார்த்து அளவு எடுத்தார். அந்த அம்மா என்னைவிடக் குள்ளம் என்று இரண்டு அங்குலம் இறக்கினார். அதற்குப் பிறகு நான் வெறுமனே உட்கார்ந்திருக்க முடியுமா? அடுப்பங்கரைச் சுவர் ஓட்டில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு கருத்துக் கிடந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தேன். புதன், வியாழன் இரண்டு நாளும் போனோம். வாசல்படியின் உயரத்துக்கு ஒரு பலகையைச் சரிவாக வைத்து ஆணி அடித்தார், சக்கர நாற்காலி ஏற. மத்தியானம் வெறும் தரையில் உட்கார்ந்து இரண்டு பேரும் பொட்டலச் சோறு சாப்பிட்டோம். நான் ஒரு பக்கத்துப் பல்லால் மட்டும் மென்றேன். அவர் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அப்போது அவர்மேல் எனக்கு இரக்கமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை காமினி அம்மாவோடு வந்தாள். சக்கர நாற்காலி பலகையில் தடங்கல் இல்லாமல் ஏறியது. பால் பொங்கியது. பாய் ஜும்மாவுக்குப் போகும் அவசரத்தில் இருந்தார். அக்ரிமெண்டில் கையெழுத்து ஆனது. காமினி உறையை நீட்டினாள். பாய் எண்ணிப் பார்த்துவிட்டு ரசீதைக் கொடுத்தார். அவள் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பாய், பதினாறுல இருந்து முப்பது, பதினைஞ்சு நாள், முன்னூறுன்னு போட்டிருக்கீங்க. நான் ஜூனுக்கு இருநூத்தி இருபதுதானே குடுத்தேன்?"

பாய் இவரைப் பார்த்தார். இவர் நாள்காட்டி தொங்காத சுவரில் நாள்காட்டி தேடினார். காமினி புரிந்துகொண்டாள். முகம் சுண்டிப்போய், "சம்பளம் வந்ததும் தந்துருவேண்ணே" என்றாள்.

அந்த நேரத்தில் பாய் கை கழுவக் குளியலறைக்குப் போனார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"புவனேசு! என் சுவத்துல யாரைக் கேட்டு ஓட்டை போட்டே?"

"நாலு நாள் வாடகை நான் குடுத்தேன்ல பாய்."

"வாடகைக்கு இருக்கறவன் சுவத்துல ஓட்டை போடக் கூடாதுன்னு அக்ரிமெண்ட்ல எழுதினதே நீதானே."

கையெழுத்துப் போட்ட மை காயவில்லை, அதற்குள் வீடு போய்விடுமோ என்று காமினியின் முகம் வெளுத்துவிட்டது. அப்போது நல்லம்மாள் அம்மா மகளிடம் மெதுவாக ஏதோ சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த களைப்பு, குளியலறைக்குப் போக வேண்டுமாம். பாய் வெளியே வந்து வழி விட்டார். காமினி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். கதவு முழுதாக மூடவில்லை. அந்த அம்மாவின் கை சுவரில் தடவி, கைப்பிடியைக் கண்டுபிடித்து, இறுக்கிப் பிடிப்பது தெரிந்தது. "விடு, நானே எந்திரிக்கிறேன்" என்ற குரல் கேட்டது.

பாய் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். வாசலுக்குப் போனவர் திரும்பி நின்றார்.

"அந்த ஸ்க்ரூ பத்தாது. நீளமா நாலு அங்குலத்துல போடணும். நாளைக்கு நான் வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார். எண்பதைத் திருப்பித் தருவது பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் பாய்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காமினி எங்கள் வீட்டுக்கு வந்தாள். இவர் யாருக்கோ வீடு காட்டப் போயிருந்தார். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். ஆள் துணையில்லாமல் குளியலறைக்குப் போய் வருகிறாராம். கோப்பி குடித்து முடித்ததும் கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"உங்க வீட்டு அண்ணன் பாய்கிட்ட எனக்காகக் குடுத்த எண்பது வெள்ளி, அக்கா."

எனக்குக் கை போகவில்லை. ஏன் என்று அந்த நேரம் எனக்கே தெரியவில்லை. இதே காசுக்காக அவரை எப்படியெல்லாம் பேசினேன் நான்! வெறும் தரையில் தலையைக் குனிந்து சோறு சாப்பிட்ட மனிதர் கண்ணுக்குள் வந்தார். உறையை அவள் கையில் திருப்பி வைத்தேன்.

"இதை எடுத்துட்டுப் போம்மா. பதினாறுல இருந்து பத்தொம்பது வரைக்கும் அந்த வீட்ல இருந்தது நாங்கதான். இருக்கிற நாளுக்குத்தான்லா வாடகை."

அவள் அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன். அவள் போன பிறகு வலித்த பக்கம் உப்புத்தண்ணீர் விட்டுக் கொப்பளித்துவிட்டு, அவர் வருவதற்குள் சோற்றை வடித்தேன்.